லாரித் தண்ணீர்க் கணக்கும் சாருக்கு ஒரு தனி மெசேஜும்

*தென் சென்னையில் 48 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு மாதமாகப் பொருளாளராக இருக்கிறேன். சம்பளமில்லாத வேலை. ஏப்ரல் கணக்கில் லாரித் தண்ணீர் 31 லோடு என்று போட்டிருந்தேன் (12,000 லிட்டர், லோடு 1,800 ரூபாய்). இரண்டாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில், "கேட் நோட்டில் 26 லோடுதான் இருக்கிறது. மீதி ஐந்து லோடு யார் வீட்டுத் தொட்டிக்குப் போனது?" என்று எழுதிவிட்டார். ஆத்திரத்தில் நானும், "சந்தேகப்படுகிறவர்கள் நாளையிலிருந்து தாங்களே கணக்கு எழுதிக்கொள்ளலாம்" என்று போட்டேன். அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். இது நடந்து நான்கு நாள் ஆகிறது. அவர் லிஃப்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தனியாக அனுப்ப ஒரு மெசேஜ் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?*

*"சார், நீங்கள் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எதுவாக இருந்தாலும் என்னிடம் நேரில் கேட்டிருக்கலாம். குரூப்பில் போட்டிருக்க வேண்டாம். என் மனது மிகவும் புண்பட்டுவிட்டது. இருந்தாலும் உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடுவோம்."*

*— ஒரு வாசகி*

அனுப்பாதீர்கள். தனியாக எழுத வேண்டும் என்று தோன்றியது சரிதான். ஆனால் இந்த மெசேஜ் போனால் நாளைக் காலை அது குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட்டாக வந்து நிற்கும். வருவதற்கு உங்கள் கடைசி வரி ஒன்றே போதும்.

ஐந்து லோடு எங்கே என்று கேட்ட மனிதருக்குத் தனியாக ஒரு மெசேஜ் வருகிறது. அதில் "இத்தோடு விட்டுவிடுவோம்" என்று இருக்கிறது. நீங்கள் சமாதானமாகப் போகலாம் என்ற நினைப்பில் எழுதினீர்கள். அவர் அதை "அமுக்கப் பார்க்கிறார்கள்" என்றுதான் படிப்பார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் படிப்பேன்.

உங்கள் சண்டைக்குள் இரண்டு சமாசாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று, ஐந்து லோடின் கணக்கு. அது 48 வீட்டுக்காரர்களின் பணம். அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார், பதிலும் எல்லோர் முன்னாலும்தான் வர வேண்டும். இன்னொன்று, அவர் உங்களைத் திருடி என்று சொல்லாமல் சொன்னதும், நீங்கள் அவரை நாலு பேர் முன்னால் தட்டி உட்கார வைத்ததும். இது உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ளது, இதைத் தனியாகத்தான் பேச முடியும். நீங்கள் எழுதி வைத்திருக்கும் மெசேஜ் இரண்டையும் சேர்த்து மூட்டை கட்டித் தனி அறைக்குள் இழுத்துப் போகப் பார்க்கிறது. மனத்தாங்கலை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். கணக்கு வெளியே, எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதை அவர் நம்பினால்தான் உங்களோடு உட்கார்ந்து பேச வருவார்.

அதனால் மெசேஜுக்கு முன்னால் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. செக்யூரிட்டி மேஜையிலிருந்து கேட் நோட்டை எடுங்கள். தண்ணீர்க்காரர் கொடுத்த பில்லையும், டிரைவர் விட்டுப்போன சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதிவாரியாக ஒவ்வொரு லோடாக டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். இந்த மாதிரி வித்தியாசம் நான் பார்த்தவரை பெரும்பாலும் மூன்று இடத்திலிருந்து வரும். மார்ச் கடைசி வாரம் வந்த லோடுக்கு ஏப்ரலில் பணம் கொடுத்து ஏப்ரல் செலவாக எழுதியிருப்பீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வந்த லாரியைத் தூக்கக் கலக்கத்தில் இருந்த காவலர் நோட்டில் எழுதாமல் விட்டிருப்பார். அல்லது அவசரத்துக்குக் கையில் ரொக்கம் கொடுத்து எடுத்த லோடு, மாதக் கடைசி பில்லிலும் சேர்ந்து வந்து, இரண்டு முறை ஏறியிருக்கும். முதல் இரண்டிலும் பணம் போன இடம் சரி, எழுதிய விதம்தான் கோணல். மூன்றாவதில் பணமே கூடுதலாகப் போயிருக்கிறது, அதைத் தண்ணீர்க்காரரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும்.

உதாரணத்துக்கு மூன்று லோடு மார்ச் பாக்கி, ஒன்று ராத்திரி லோடு, ஒன்று இரட்டைப் பதிவு என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான்கு லோடில் நீங்கள் சரி, ஒன்றில் அவர் சரி. "தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் இதைக் கண்டுபிடித்தால் உங்கள் நிலைமை என்ன? அதற்காகத்தான் முதலில் எண்ணச் சொல்கிறேன். ஐந்து லோடு என்பது 9,000 ரூபாய், வீட்டுக்கு 187 ரூபாய் 50 காசு. இந்தத் தொகைக்காக யாரும் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. அந்த ஏழு கட்டைவிரல்தான் அவரைத் திருப்பியிருக்கிறது.

எண்ணி முடித்ததும் குரூப்பில் மூன்று வரி போடுங்கள். தனி மெசேஜுக்கு முன்னால், அதே நாளில்:

"ஏப்ரல் லாரிக் கணக்கில் கேட் நோட்டுக்கும் பில்லுக்கும் ஐந்து லோடு வித்தியாசம் இருப்பதாக சார் கேட்டது நியாயமான கேள்வி. நான் அன்று பதில் சொன்ன விதம் சரியில்லை. தேதிவாரியான கணக்கை வரும் ஞாயிறு மாலைக்குள் இங்கே போடுகிறேன்."

இவ்வளவுதான். கண்டுபிடித்த விவரத்தை இப்போதே கொட்ட வேண்டாம், அதை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. ஆனால் தேதி கட்டாயம் இருக்க வேண்டும். தேதி இல்லாத வாக்குறுதியை அடுக்குமாடிக் குரூப்பில் யாரும் மதிப்பதில்லை. "நியாயமான கேள்வி" என்ற வார்த்தையும் விடாமல் இருக்க வேண்டும். அவரைத் தட்டி உட்கார வைத்தது எல்லோர் முன்னாலும் நடந்தது. தனியாக நூறு முறை மன்னிப்புக் கேட்டாலும் அது சரியாகாது, எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை வேண்டும். உங்களுக்குக் கட்டைவிரல் காட்டிய ஏழு பேரில் யாராவது "நீங்க ஏன் மேடம் இறங்கிப் போறீங்க" என்று தனியாகக் கேட்பார்கள். சிரித்துவிட்டுப் போங்கள், அவர்களுக்கு விளக்கம் எழுத உட்காராதீர்கள்.

பழைய பதிலை அழிக்கவும் முயல வேண்டாம். நான்கு நாள் ஆகிவிட்டதால் எல்லோருக்கும் அழிக்கும் வசதி அனேகமாகக் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்ற தடயம் அங்கேயே நிற்கும். கணக்குச் சண்டையில் பொருளாளர் எதையாவது அழித்தார் என்று வரவே கூடாது.

இப்போது தனி மெசேஜ். குரூப்பில் அவர் எழுதியதை அழுத்திப் பிடித்தால் தனியாகப் பதில் அனுப்பும் வசதி ஒன்று வரும். அதைத் தொடாதீர்கள். "யார் வீட்டுத் தொட்டிக்குப் போனது" என்ற அவருடைய வாக்கியம் உங்கள் செய்தியின் தலையில் ஒட்டிக்கொண்டு போகும். நீங்கள் எவ்வளவு பணிவாக எழுதினாலும், அவர் கண்ணில் முதலில் படுவது அவருடைய கோபமாகவே இருக்கும். அவர் எண்ணில் புதிதாகத் தொடங்குங்கள். ராத்திரியில் அனுப்ப வேண்டாம், காலை பத்து, பதினொரு மணி நல்ல நேரம். வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். உங்கள் குரல் நடுங்கினாலும் அதட்டலாகக் கேட்டாலும் திருத்த முடியாது. அவர் வீட்டுக் கூடத்தில் சத்தமாக ஓடவிட்டால் மொத்தக் குடும்பமும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லும். திடீரென்று போன் செய்வதும் சரிப்படாது. எழுத்து என்றால், படித்துவிட்டு அரை நாள் முணுமுணுத்து அப்புறம் பதில் போட அவருக்கு இடம் இருக்கும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார். பொருளாளராக இருக்கும் மூன்றாவது மாடிக்காரி எழுதுகிறேன். 'தாங்களே கணக்கு எழுதிக்கொள்ளலாம்' என்று குரூப்பில் நான் போட்டது தப்பு. கேள்வி கேட்டவரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள். கேட் நோட்டையும் பில்லையும் தேதிவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன ஐந்து லோடு வித்தியாசம் இருப்பது உண்மை. காரணங்கள் தெரிகின்றன, ஓரிடத்தில் பிழையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் போடுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்தால் நன்றாக இருக்கும். வெள்ளி மாலை ஐந்து மணி அல்லது சனி காலை பத்து மணி, சங்க அறையில் நோட்டு, பில் எல்லாவற்றோடும் இருப்பேன். வர இயலாவிட்டால் நகல் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்."

வீட்டின் மாடியை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். பிழையைப் பற்றிய வரி நீங்கள் எண்ணி முடித்து என்ன கண்டீர்களோ அதைப் பொறுத்தது. பிழை இல்லையென்றால் அந்த வரி வேண்டாம்.

நீங்கள் எழுதியதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் மன்னிப்பு, "வயதுக்கு மரியாதை கொடுத்து" வருகிறது. அதாவது, "தப்பு உங்கள்மேல்தான் சார், ஆனாலும் பெரியவர் என்று விட்டுத்தருகிறேன்" என்கிறது. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாக்குப்போக்குகளைக் கேட்டவருக்கு இது முதல் படிப்பிலேயே புரியும். நான் எழுதியது எந்த வரிக்காக மன்னிப்பு என்று பெயர் சொல்லிக் கேட்கிறது. அதோடு நிற்கிறது, அதன் வாலில் "ஆனால்" இல்லை. அடுத்து, உங்கள் மனது புண்பட்டது. அதில் பொய் இல்லை, திருட்டுப்பட்டம் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் முதல் மெசேஜில் அதை வைத்தால், அவர் உங்கள் வலியை எடைபோட ஆரம்பித்துவிடுவார். நேரில் உட்காரும்போது அதற்கு இடம் வரும். "நேரில் கேட்டிருக்கலாம்" என்பதும் இப்போது வேண்டாம். குரூப்பில் கேட்டது அவர் உரிமை, கேட்ட தொனிதான் பிரச்சினை.

கடைசி வரிக்கு ஒரு காரணம் உண்டு. வரச் சொல்லி மட்டும் எழுதினால், வராமல் இருப்பது அவருக்கு ரோஷம் ஆகிவிடும். நகல் வரும் என்று சொல்லிவிட்டால், வந்தாலும் வராவிட்டாலும் அவர் கௌரவம் குறையாது. சங்க அறை என்றதும் அதே மாதிரிதான். உங்கள் வீட்டுக்கு அவர் வருவதும் அவர் வீட்டுக்கு நீங்கள் போவதும் இப்போதைக்குக் கனம் கூடிய விஷயங்கள்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? 26 என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? மாதம் முழுவதும் கேட் நோட்டைப் புரட்டி ஒருவர் எண்ணியிருக்கிறார். 48 வீட்டில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. இதை நேரில் பார்க்கும்போது அவரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது போதும். ஆனால் அந்த உற்சாகத்தில், "சார், நீங்களே கணக்குத் தணிக்கை பண்ணுங்களேன்" என்று மெசேஜில் எழுதிவிடாதீர்கள். வாய்ப்பூட்டுக்குப் பதவி கொடுக்கிறார்கள் என்று ஆகும். இரண்டு மாதம் போகட்டும், கமிட்டியில் வைத்துக் கேட்கலாம்.

பதில் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. நீலக் குறி விழுந்து மௌனமாகவே இருக்கலாம். இரண்டாவது மெசேஜ் அனுப்பாதீர்கள், "பார்த்தீர்களா சார்?" என்று நோண்டாதீர்கள். சொன்ன நேரத்துக்குச் சங்க அறையில் போய் உட்காருங்கள். வராவிட்டால் அன்றே நகலை அனுப்பி, ஞாயிறு கணக்கைப் போடுங்கள். மௌனமாக இருப்பவர்களில் பலர் முழுக்கப் படித்துவிட்டுத்தான் மௌனமாக இருக்கிறார்கள். அல்லது சூடாக ஒரு பக்கம் எழுதலாம்: லிஃப்ட் ரிப்பேர், போன வருஷ பெயின்டிங், பழைய செயலாளர் எல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினால் குரூப் சண்டை தனி அறையில் தொடரும், அவ்வளவுதான் வித்தியாசம். "முழுக்கப் படித்தேன் சார். பெயின்டிங் பற்றியும் வெள்ளிக்கிழமை பேசலாம்" என்று இரண்டே வரி போடுங்கள். அவர் எழுதியதைவிட நீங்கள் எழுதுவது எப்போதும் சிறிதாக இருக்கட்டும்.

ஸ்க்ரீன்ஷாட் பயம் பற்றி ஒரு வார்த்தை. முறையாக நியமிக்கப்பட்ட சமரச நடுவர் முன் பேசியவற்றுக்கு ரகசியக் காப்பு உண்டு. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மெசேஜுக்கு அப்படிக் காப்பு எதுவும் கிடையாது. அதனால், அந்த மெசேஜை 48 வீடும் படித்தாலும் கூச்சப்படாமல் இருக்க முடியுமா என்று அனுப்புவதற்கு முன் பாருங்கள். மேலே நான் எழுதியதை அப்படிப் படித்துப் பாருங்கள். எடுத்துப் போட்டாலும் அதில் உங்களுக்குக் கெட்ட பெயர் வர ஒன்றுமில்லை.

2005-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியதிலிருந்து எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. இரு தரப்பையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவோம். சூடு ஏறினால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்போம். அந்தத் தனி அமர்வு முடியும்போது கட்டாயம் ஒரு கேள்வி உண்டு: "நீங்கள் சொன்னதில் எதை நான் அந்தப் பக்கம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" இந்தக் கேள்விக்கு முன்னால் முறுக்கிக்கொண்டிருந்தவர்கள், கேட்டதும் உடம்பைத் தளர்த்தி உட்காருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நீங்களும் வெள்ளிக்கிழமை எழுந்திருக்கும் முன் அதைக் கேளுங்கள்: "சார், இதில் எதை குரூப்பில் போடலாம்?" உங்கள் வலியை அவரிடம் சொல்லியிருந்தால், அவரும் ஏதாவது சொல்லியிருந்தால், அது அந்த அறையோடு போகட்டும். அவரிடம் குரூப்பில் வருத்தம் தெரிவிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். தானாகப் போட்டால் போடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போடும் பதிவை அனுப்புவதற்கு முன் அவருக்குக் காட்டுங்கள். நாம் வைத்துக்கொண்ட உதாரணப்படி அது இப்படி இருக்கும்:

"ஏப்ரல் லாரிக் கணக்கு: பில் 31, கேட் நோட்டு 26. ஐந்தில் மூன்று, மார்ச் கடைசி வாரத்து லோடு, ஏப்ரலில் பணம் கொடுத்தது. ஒன்று இரவில் வந்தது, நோட்டில் விட்டுப்போனது, டிரைவர் சீட்டு இருக்கிறது. ஒன்று இரண்டு முறை பதிவானது, 1,800 ரூபாய் மே மாத பில்லில் கழிக்கப்படும். வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்ன சாருக்கு நன்றி. சீட்டுகளும் நோட்டும் சங்க அறையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்."

"சாரும் நானும் பேசித் தீர்த்துக்கொண்டோம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். எண்கள் இல்லாமல் அந்த வாக்கியம் வந்தால் மற்ற 46 வீட்டிலும் புதுச் சந்தேகம் முளைக்கும். இந்த முறை அவரையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

இந்த வழி எல்லா இடத்துக்கும் ஆகாது. அவர் சாதியைச் சொல்லியோ, பெண் என்பதை வைத்தோ இழிவாக எழுதியிருந்தால், மிரட்டியிருந்தால், தனி மெசேஜ் அனுப்பச் சொல்லியிருக்க மாட்டேன். எழுதியதைப் பத்திரப்படுத்தி, கமிட்டி வழியாக, இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும். அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தாலும் அப்படியே, உங்கள் வக்கீலைக் கேட்காமல் மன்னிப்பு என்று எழுத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது. உங்கள் சாருடைய வாக்கியம் குத்தலானதுதான், ஆனால் அது கேள்விதான். கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்த மாதத்துக்கு ஒரு யோசனை. கேட் நோட்டில் தேதி மட்டும் எழுதுகிறார்கள் என்றால் கோடு போட்டுக் கொடுங்கள்: தேதி, நேரம், லாரி எண், லிட்டர், டிரைவர் கையெழுத்து, காவலர் கையெழுத்து. கணக்கில் லாரிச் செலவை எழுதும்போது லோடு வந்த மாதம், பணம் கொடுத்த மாதம் என்று இரண்டு பத்தி வையுங்கள். அந்தக் கோடுகளை எப்படிப் போடுவது என்று வெள்ளிக்கிழமை சாரையே கேட்கலாம். பதவி எதுவும் கொடுக்காமல் அவரிடம் கேட்கக்கூடிய உதவி அது.